நன்கொடைப் பட்டியலும் அனுமதிப் பட்டியலும் ஒரே மேசைக்கு வரட்டும்: தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைவரும் உறுப்பினர்களும், தேர்தல்கள் ஆணைக்குழு, இராஜகிரிய
பிரதிகள்: மட்டக்களப்பு, திகாமடுல்ல தேர்தல் மாவட்டங்களின் தெரிவத்தாட்சி அலுவலர்கள்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

கிழக்கு மாகாண சபைக்கு மக்கள் கடைசியாக வாக்களித்தது 2012 செப்டெம்பரில். அச்சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும், 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ் இங்கு நடக்கும் முதலாவது மாகாண சபைத் தேர்தல் அதுவாகத்தான் இருக்கும். வேட்பாளர்களுக்கு நன்கொடை கொடுப்பவர்கள் யார் என்பது தெளிவாகத் தெரியவர, அதற்கு முன் ஆணைக்குழு செய்யக்கூடிய ஒரு வேலையைப் பற்றியே எழுதுகிறோம். அதில் பெரும்பகுதிக்குப் பாராளுமன்றத்தின் அனுமதி தேவைப்படாது. படிவங்களையும் அவை வெளியிடப்படும் முறையையும் மாற்றினால் போதும்.

சட்டம் என்ன செய்கிறது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இந்த மடலை வாக்காளர்களும் வாசிப்பார்கள். 1946ஆம் ஆண்டுத் தேர்தல் அரசவைக் கட்டளையில் வேட்பாளரின் செலவுக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. விகிதாசார முறை வந்து, 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம் இயற்றப்பட்டபோது அந்த வரம்பு மறைந்தது. அதன் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் யார் எவ்வளவு கொடுத்தார், யார் எவ்வளவு செலவழித்தார் என்று கேட்க வழியே இருக்கவில்லை. 2023ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்பியது. ஒரு வாக்காளருக்கு இத்தனை ரூபா என்று ஆணைக்குழு வரம்பு விதிக்கிறது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் அது 109 ரூபா. பதிவு செய்த 1,71,40,354 வாக்காளர்களால் பெருக்கினால் ஒரு வேட்பாளருக்கு ஏறத்தாழ 186 கோடியே 83 இலட்சம் ரூபா வருகிறது. முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் கட்சியும் சுயேச்சைக் குழுவும் வரவு, செலவு இரண்டையும் காட்டும் அறிக்கையைத் தரவேண்டும். 2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலுக்கு அந்தக் கெடு டிசம்பர் 6 நள்ளிரவோடு முடிந்தது. அரச நிறுவனங்கள், வெளிநாட்டு அரசுகள், வெளிநாட்டுக் கம்பனிகள், அடையாளம் தெரியாதவர்கள் ஆகியோரிடம் வாங்கக்கூடாது. பொதுமக்கள் இந்த அறிக்கைகளைப் பார்வையிடலாம்.

செலவுக்கு வரம்பு உண்டு. ஆனால் ஒரு தனியாள் அல்லது ஓர் உள்நாட்டுத் தனியார் கம்பனி ஒரு வேட்பாளருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு வரம்பு இல்லை. ஒருவரே முழுச் செலவையும் ஏற்கலாம். அரச ஒப்பந்தம் வைத்திருப்பவர் கொடுக்கலாம். அரச அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவரும் கொடுக்கலாம். அப்படியானால் இந்தச் சட்டத்தில் நமக்கு மிஞ்சும் ஒரே காவல், கொடுத்தவரின் பெயர் தெரியவருவதுதான். அந்தப் பெயர் எப்படித் தெரியவருகிறது, எவ்வளவு பயன்படுகிறது என்பதில்தான் எங்கள் கவலை முழுவதும்.

பணம் கொடுப்பவர் உண்மையில் எதை வாங்குகிறார் என்பதில் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. சட்டமூலத்துக்குக் கை உயர்த்துவதற்காக உறுப்பினரை வாங்குகிறார் என்று நினைக்கிறார்கள். எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் அது அரிது. இங்கே வாங்கப்படுவது ஒரு தொலைபேசி அழைப்பு. விண்ணப்பக் கோப்பு எந்த மேசையில் தங்கிக் கிடக்கிறது என்று கேட்கும் அழைப்பு. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயத்தைச் சேர்ப்பதும், வேறொன்றை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவதும் அதே வகைதான். அந்தக் குழுவுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் சட்ட அதிகாரம் கிடையாது. ஆனால் அதன் தலைமையில் அமர்ந்திருப்பது ஓர் அமைச்சர் அல்லது பாராளுமன்ற உறுப்பினர். எதிரே இருப்பவர்கள் பிரதேச செயலாளர்களும் திணைக்கள அதிகாரிகளும். "இதை ஏன் இன்னும் முடிக்கவில்லை?" என்று தலைவர் ஒலிவாங்கியில் கேட்டால், அந்தக் கேள்வியின் கனத்தை அதிகாரிகள் அறிவார்கள். எழுத்தில் ஒரு கட்டளையும் இராது. கூட்ட அறிக்கையில் "துரிதப்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்பட்டது" என்று ஒரு வரி மட்டும் இருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் தொகைகள் விளக்கத்துக்காக நாங்கள் வைத்துக்கொண்டவை. எந்த ஒரு வேட்பாளரையோ ஒப்பந்தகாரரையோ குறிப்பவை அல்ல. ஆனால் நடக்கும் முறை இதுதான்.

பாராளுமன்றத் தேர்தலை எடுத்துக்கொண்டால், மட்டக்களப்புத் தேர்தல் மாவட்டத்துக்கு ஐந்து ஆசனங்கள். எனவே ஒரு கட்சிப் பட்டியலில் எட்டுப் பேர். அம்பாறை மாவட்டத்தைக் கொண்ட திகாமடுல்லவில் ஏழு ஆசனங்கள், பட்டியலில் பத்துப் பேர். வாக்காளர் கட்சிக்கு ஒரு புள்ளடி இட்ட பின் மூன்று விருப்பு வாக்குகள் வரை இடலாம். ஆகவே வேட்பாளரின் முதல் போட்டி அதே பட்டியலில் உள்ள மற்ற ஏழு பேருடன், அல்லது ஒன்பது பேருடன். கட்சியின் பொதுப் பிரசாரம் அவருக்கு உதவாது. வாகரையில் இருந்து துறைநீலாவணை வரை தன் இலக்கத்தைத் தானே கொண்டுபோக வேண்டும். இதற்குத் தேவையானவை வாகனம், எரிபொருள், அச்சு, ஒலிபெருக்கி, கூட்டத்துக்கு வருபவர்களுக்குத் தேநீரும் சாப்பாடும். இவற்றைப் பணமாகக் கொடுப்பவர் குறைவு. பொருளாகவும் சேவையாகவும் கொடுப்பவர்களே அதிகம்.

ஆற்றுமணல் அகழ்வுக்கு விண்ணப்பித்திருக்கும் ஒருவர் நான்கு வான்களைச் சாரதியோடும் எரிபொருளோடும் 18 நாட்களுக்குத் தருகிறார் என்று வைப்போம். ஒரு வானுக்கு நாளொன்றுக்கு 14,000 ரூபா. நான்கும் பதினெட்டும் பெருக்க 72 வான்நாள். அதன் சந்தைப் பெறுமதி 10,08,000 ரூபா. ஆறு கூட்டங்களுக்கு மண்டபமும் சாப்பாடும், கூட்டத்துக்கு 60,000 வீதம் 3,60,000. அச்சகத்துக்குச் செலுத்த வேண்டிய 2,00,000 ரூபாவை அவரே நேராகச் செலுத்திவிடுகிறார். மொத்தம் 15,68,000 ரூபா. வேட்பாளரின் கைக்கு ஒரு சதமும் வரவில்லை. அவருடைய வங்கிக் கணக்கில் எந்தத் தடமும் இல்லை.

தேர்தல் முடிந்து 21 நாட்களுக்குள் அறிக்கை வருகிறது. அதில் வாகனங்கள் "நண்பர்களுடையவை" என்று எழுதப்படும். பெறுமதிக்கான இடம் வெறுமையாக இருக்கும், அல்லது எரிபொருளுக்கு மட்டும் 1,50,000 என்று இருக்கும். மண்டபச் செலவு ஆதரவாளர்கள் பெயரில் பத்தாயிரம், பதினையாயிரமாகப் பிரிந்திருக்கும். அந்தப் பெயர்களில் விண்ணப்பகாரரின் மனைவி, தம்பி, லொறிச் சாரதி, கணக்கெழுதுபவர் எல்லோரும் இருப்பார்கள். அவருடைய பெயர் மட்டும் இராது. அச்சுச் செலவு கட்சியின் அறிக்கையில் வந்திருக்குமோ என்று வேட்பாளர் சொல்வார். வேட்பாளரின் அறிக்கையில் வந்திருக்கும் என்று கட்சி சொல்லும். இரண்டிலும் அது வராது.

மறுபுறத்தைப் பாருங்கள். மணல் அகழ்வு அனுமதியைத் தருவது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் மற்றும் கனியங்கள் சட்டம் அதற்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. அனுமதிப்பத்திரத்தில் இடம், காலம், அளவு மூன்றும் இருக்கும். அதற்கு முன் பிரதேச செயலகம், சுற்றாடல், நீர்ப்பாசனம் என்று பல மேசைகளின் சம்மதம் வேண்டும். தாமதம் இந்த மேசைகளில்தான். மாதம் 500 கியூப் அனுமதி, எல்லாச் செலவும் போகக் கியூப் ஒன்றுக்கு 2,000 ரூபா மிச்சம் என்று வைத்தால் மாதத்துக்குப் பத்து இலட்சம் ரூபா. தேர்தலில் போட்ட 15,68,000 ரூபா இரண்டு மாதத்துக்குள் திரும்பிவிடுகிறது. மூன்றாம் மாதம் முதல் வருவது முழுதும் இலாபம். இழப்பு எங்கே விழுகிறது என்றால், மாதுறு ஓயாவின் கரை இடியும் இடத்திலும், முந்தனை ஆற்றை அண்டிய வயல்களிலும், கிணற்று நீர் கீழே இறங்கும் ஊர்களிலும். அந்த ஊர்மக்களிடம் வான் கிடையாது. அவர்களுக்காகக் கூட்டத்தில் யாரும் அழைப்பு எடுக்கமாட்டார்கள்.

இங்கே இலஞ்சம் என்று நிரூபிக்கக்கூடிய எதுவும் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கொடுத்தபோது யாரும் நிபந்தனை சொல்லவில்லை. அழைப்பு எடுத்தபோது யாரும் பணத்தை நினைவூட்டவில்லை. விண்ணப்பம் தகுதியானதாகவும் இருக்கலாம். முன்னதாக விண்ணப்பித்த இன்னொருவருடைய கோப்பு பின்னால் போனதுதான் நடந்த மாற்றம். இலஞ்ச ஊழல் விசாரணைகளால் இதைப் பிடிக்க முடியாது. பிடிக்கக்கூடிய ஒரே வழி, இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஒன்று கொடுத்தவர்களின் பட்டியல். மற்றது அனுமதியும் ஒப்பந்தமும் பெற்றவர்களின் பட்டியல்.

இந்த ஒப்பீட்டுக்கு எவ்வளவு சக்தி உண்டு என்பதை அயல்நாடு 2024இல் காட்டியது. கொடுத்தவரின் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை இந்திய உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு பெப்ரவரி 15ஆம் திகதி இரத்துச் செய்தது. மார்ச்சில் முதலில் வெளியானவை இரண்டு தனித்தனிப் பட்டியல்கள். ஒன்றில் பத்திரம் வாங்கியவர்கள், மற்றதில் அதைப் பணமாக்கிய கட்சிகள். யார் யாருக்குக் கொடுத்தார் என்பது அவற்றில் இருந்து தெரியவில்லை. ஒவ்வொரு பத்திரத்தின் இலக்கத்தையும் வெளியிடுமாறு நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட்டு, மார்ச் 21ஆம் திகதி அந்த இலக்கங்கள் வந்த பின்புதான் ஒரு வரியை மறு வரியோடு பொருத்த முடிந்தது. பல ஆண்டுகளாக மறைந்திருந்ததைத் திறந்தது அந்த ஒரு நிரல். நாங்கள் உங்களிடம் கேட்பதும் அதுபோன்ற ஒரு நிரலைத்தான்.

நம் நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. 2015 பொதுத் தேர்தலின்போது ஒரு மதுபான நிறுவனத்திடம் இருந்து பத்து இலட்சம் ரூபா காசோலை கிடைத்ததாக முன்னாள் அமைச்சர் ஒருவர் 2018இல் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். மத்திய வங்கிப் பிணைமுறி விசாரணையின் நடுவே நின்ற, அரச பிணைமுறிகளை வாங்கி விற்கும் முதன்மை வணிக நிறுவனமும் அந்த மதுபான நிறுவனமும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. அந்தக் காசோலை வெளியே வந்தது, வேறொரு குற்றத்துக்காக வங்கிக் கணக்குகளைக் குற்றப் புலனாய்வினர் தோண்டியதால். தேர்தல் அறிக்கை எதிலும் இருந்து அல்ல. அப்படி ஓர் அறிக்கையே அப்போது இல்லை.

இன்னொன்று 2020 ஒக்டோபர் 13. இறக்குமதிச் சீனிக்கான விசேட பண்ட வரி கிலோ ஒன்றுக்கு 50 ரூபாவில் இருந்து 25 சதமாக ஒரே வர்த்தமானியில் இறங்கியது. கடைகளில் விலை அதற்கேற்பக் குறையவில்லை. அரசுக்கு ஏற்பட்ட வருமான இழப்பு 1,500 கோடி ரூபாவுக்கு மேல் என்று கணக்கிடப்பட்டது. பொதுத் தேர்தல் முடிந்து பத்து வாரம்கூட ஆகியிருக்கவில்லை. இந்த வரிக்குறைப்புக்கும் ஏதாவது நன்கொடைக்கும் தொடர்பு இருந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. இருந்ததா இல்லையா என்று பார்க்க ஆவணம் இல்லை என்பதைத்தான் சொல்கிறோம். குற்றமற்ற இறக்குமதியாளரும் தன் பெயரைத் துடைத்துக்கொள்ள வழியின்றிச் சந்தேகத்தோடு இருக்க வேண்டியதாயிற்று. 2023ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகும் அதே நிலை நீடிப்பதற்கு நியாயம் இல்லை.

இப்போது கேட்பவற்றுக்கு வருகிறோம்.

முதலாவதும் எங்களுக்கு மிக முக்கியமானதும் பொருளாகவும் சேவையாகவும் கிடைத்த நன்கொடைக்கு ஒரு தனி அட்டவணை. அதில் வாகனம் என்றால் பதிவு இலக்கம், எத்தனை நாள், சாரதியும் எரிபொருளும் யாருடையது, அந்த மாவட்டத்தில் அதற்கான நாள் வாடகை என்ன என்று ஒவ்வொரு வரியிலும் எழுதவேண்டும். பெறுமதியை இலவசம் என்றோ பூச்சியம் என்றோ எழுத இடமளிக்கக் கூடாது. வாடகை வீதம் பற்றிய சண்டையைத் தவிர்க்க, தெரிவத்தாட்சி அலுவலர் தேர்தலுக்கு முன்பே ஒரு வீதப் பட்டியலை வெளியிடலாம். வான், பஸ், முச்சக்கரவண்டி, உழவு இயந்திரம், ஒலிபெருக்கித் தொகுதி, ஆயிரம் துண்டுப்பிரசுரம், நூறு பேருக்குச் சாப்பாடு என்று பத்துப் பன்னிரண்டு வரிகள் போதும். தேர்தல் கடமைக்காக அரசாங்கமே இந்த மாவட்டத்தில் வாகனம் வாடகைக்கு எடுக்கிறது. எனவே வீதங்கள் கச்சேரியிலேயே இருக்கின்றன.

இரண்டாவது, கொடுத்தவரை இனங்காணும் நிரல். கம்பனி என்றால் கம்பனிப் பதிவு இலக்கம். தனியாள் என்றால் அவர் பணிப்பாளராகவோ பங்காளியாகவோ இருக்கும் நிறுவனங்களின் பதிவு இலக்கம். அடுத்து ஒரு கேள்வி: "கடந்த பன்னிரண்டு மாதத்தில் நீங்களோ உங்கள் நிறுவனமோ வீட்டில் வசிக்கும் குடும்பத்தவரோ அரச ஒப்பந்தம், அனுமதிப்பத்திரம், காணி ஒதுக்கீடு எதையாவது பெற்றீர்களா, விண்ணப்பித்திருக்கிறீர்களா?" ஆம் என்றால் எந்த நிறுவனத்திடம், எந்த இலக்கத்தில். இந்த ஒரு கேள்விக்குப் பொய்யாகப் பதில் எழுதினால், அந்தப் பொய்யைப் பின்னர் ஆவணத்தோடு நிரூபிக்கலாம். பெயர்களைப் பிரித்து எழுதும் தந்திரமும் இங்கேதான் மாட்டும். தம்பியின் பெயரில் 15,000 கொடுத்தாலும் தம்பி எந்த நிறுவனத்தின் பணிப்பாளர் என்பது வந்துவிடும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அதை நாங்கள் இலேசாக எடுக்கவில்லை. கிழக்கில் தோற்ற தரப்புக்குக் கொடுத்தவர் என்று பெயர் வெளியானால் அவருடைய கடைக்கும் வேலைக்கும் பாதிப்பு வரலாம் என்ற பயம் உண்மையானது. சிறிய சுயேச்சைக் குழுக்களுக்கு இவ்வளவு எழுத ஆளும் இல்லை. ஆகவே ஒரு கீழ்வரம்பு வேண்டும். ஒருவர் ஒரு தேர்தலில் கொடுத்த மொத்தம் 50,000 ரூபாவுக்குக் குறைவானால் அவருடைய பெயர் ஆணைக்குழுவிடம் மட்டும் இருக்கட்டும், இணையத்தில் மொத்தத் தொகை மட்டும் வரட்டும் என்பது எங்கள் யோசனை. வயலில் விளைந்த இரண்டு மூடை நெல்லைக் கூட்டத்துச் சாப்பாட்டுக்குக் கொடுத்த விவசாயியை யாரும் தேடிப்போக வேண்டியதில்லை. ஆனால் 50,000 என்பது ஆள் ஒருவருக்கு அல்ல, ஒரே வீட்டுக்கும் ஒரே நிறுவனத்துக்கும் சேர்த்த கணக்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழ்வரம்பே ஓட்டையாகிவிடும்.

மூன்றாவது, வெளியிடும் முறை. கையால் எழுதிய படிவத்தைப் படம் பிடித்து வைப்பது வெளியிடுவதாகாது. மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்குச் சென்று, ஒரு கட்டுக் கடதாசியைப் புரட்டி, எட்டுப் பேர் கொண்ட பத்துப் பதினைந்து பட்டியல்களை ஒப்பிடுவது ஒருவரால் ஆகாத வேலை. அறிக்கையை ஆரம்பத்திலேயே விரிதாளாக வாங்குங்கள். எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே நிரல்கள், பெயரைத் தேடக்கூடிய வடிவம், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கில எழுத்திலும் பெயர். பெயரை மூன்று எழுத்திலும் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஆளின் பெயர் நன்கொடைப் பட்டியலில் தமிழிலும் ஒப்பந்தப் பட்டியலில் ஆங்கிலத்திலும் இருந்தால், கணினியால் இரண்டையும் ஒன்று என்று காணமுடியாது. கணேசமூர்த்தி என்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுவார்கள். பதிவு இலக்கம் கேட்பதும் இதனால்தான்.

இந்த மூன்றும் இருந்தால், அறிக்கை உண்மையா என்று பார்க்க வெளியே ஏற்கனவே இருக்கும் தடயங்கள் உதவும். அதிகாரிகள் வீடுவீடாகப் போகவேண்டியதில்லை. ஒலிபெருக்கி வைத்துக் கூட்டம் நடத்தப் பொலிஸ் அனுமதி வேண்டும். ஓர் ஆளுக்கு 40 அனுமதிகள் வழங்கப்பட்டு, அறிக்கையில் 12 கூட்டங்கள் இருந்தால் மீதி 28க்கும் யார் செலவழித்தார் என்று கேட்கலாம். தேர்தல் சுவரொட்டியிலும் துண்டுப்பிரசுரத்திலும் அச்சிட்டவரின் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும். அச்சகத்தின் பற்றுச்சீட்டை வைத்து எத்தனை பிரதிகள், பணம் செலுத்தியவர் யார் என்று பார்க்கலாம். பேஸ்புக் விளம்பரங்களுக்கு Ad Library இல் யார் பெயரில், எந்த அளவுத் தொகை என்று தெரியும். வேட்பாளர்கள் தரும் சொத்து, பொறுப்பு வெளிப்படுத்தல் நான்காவது தடயம். தேர்தலுக்கு முன் தன்னிடம் ஐந்து இலட்சம் ரூபா இருந்ததாகக் காட்டியவர், தன் சொந்தப் பணத்தில் முப்பது இலட்சம் செலவழித்ததாக எழுதினால் இடையில் உள்ள இருபத்தைந்து இலட்சம் எங்கிருந்து வந்தது? கடன் என்றால் யாரிடம், எப்போது திருப்பிக் கொடுக்கப்படும்? திருப்பிக் கேட்கப்படாத கடன் நன்கொடைதான். ஒரு வருடம் கழித்து அந்தக் கடனின் நிலையைக் கேட்கும் ஒரு கடிதத்தை அனுப்பும் வழக்கத்தையும் ஆணைக்குழு ஏற்படுத்தலாம்.

எல்லா அறிக்கைகளையும் இப்படிச் சோதிக்க ஆள்பலம் போதாது என்று தெரியும். வென்றவர்கள் அனைவரையும், தோற்றவர்களில் சீட்டுக் குலுக்கி எடுத்த பத்தில் ஒருவரையும் சோதித்தால் போதும். அனுமதிக்காக அழைப்பு எடுக்கக்கூடியவர் வென்றவர்தானே.

மற்றப் பட்டியல் உங்கள் கையில் இல்லை. சுரங்கப் பணியகம், மதுவரித் திணைக்களம், காணி அலுவலகங்கள், உள்ளூராட்சி மன்றங்கள், வீதி அபிவிருத்தி அதிகார சபை என்று அது சிதறிக் கிடக்கிறது. ஆயினும் முடியாத காரியமல்ல. மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டபோது நாடே அதை வாசித்தது. அந்தப் பட்டியலில் அனுமதிப்பத்திரம் யார் பெயரில் என்பது இருந்தாலும், யாருடைய சிபாரிசில் என்பதற்கு நிரல் இல்லாததால் வாதம் வதந்தியாகவே போனது. தெரிவத்தாட்சி அலுவலர்களாகவும் செயற்படும் இரு மாவட்டச் செயலாளர்களிடமும் நாங்கள் வேண்டுவது இதுதான்: மாவட்ட, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக்களின் கூட்ட அறிக்கைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் மாதம்தோறும் வெளியிடுங்கள். ஒரு தனியாரின் விண்ணப்பத்தைத் துரிதப்படுத்தும்படி யாராவது கேட்டால், கேட்டவரின் பெயரும் விண்ணப்பத்தின் இலக்கமும் அதில் இருக்கட்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. வெளியிடாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் யாரும் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தரலாமா, இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். "மணல் அனுமதிப் பட்டியல் தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பதில் இழுபடும். "இந்தப் பிரதேச செயலகப் பிரிவில், இந்தத் திகதியில் இருந்து இந்தத் திகதி வரை வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரங்களின் இலக்கம், பெற்றவர் பெயர், விண்ணப்பித்த திகதி, வழங்கிய திகதி" என்று கேளுங்கள். விண்ணப்பித்த திகதிக்கும் வழங்கிய திகதிக்கும் இடைப்பட்ட நாட்களே எல்லாவற்றையும் விடப் பேசும். எல்லோருக்கும் ஒன்பது மாதம் எடுத்த வேலை ஒருவருக்கு மூன்று வாரத்தில் முடிந்திருந்தால், அங்கே நின்று கேட்க வேண்டும்.

பாராளுமன்றம் செய்யவேண்டிய இரண்டையும் சொல்லிவிடுகிறோம். ஆணைக்குழு சிபாரிசு செய்தால் அதற்கு மதிப்புண்டு. ஒன்று, காலம். இந்தச் சட்டத்தின் கணக்கு தேர்தல் காலத்துக்குள் மட்டும் ஓடுகிறது. தேர்தல் அறிவிக்க ஆறு மாதம் முன்பே விளையாட்டுக் கழகங்களுக்குச் சீருடையும், கோயில் திருவிழாவுக்கு மின்விளக்குச் சோடனையும், பள்ளிவாசல் கந்தூரிக்கு மாடும் ஒருவர் பெயரில் வந்துவிடுகின்றன. பதாகையில் அவருடைய முகம் இருக்கும், பணம் வேறொருவருடையது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் ஆண்டுதோறும் கணக்காய்வு செய்த கணக்கை உங்களிடம் தரவேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கு கட்சியின் தலைமையகத்தோடு நின்றுவிடுகிறது. தனி அரசியல்வாதி இடைப்பட்ட ஆண்டுகளில் வாங்கியது எதிலும் வராது. பதவியில் இருப்பவர் 50,000 ரூபாவுக்கு மேல் பெறும் எந்த உதவியையும் பெற்று 30 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் வரட்டும்.

மற்றது, அரசோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவருக்குத் தடை. நடைமுறையில் உள்ள அரச ஒப்பந்தமோ, நிலுவையில் உள்ள அனுமதி விண்ணப்பமோ இருப்பவர் அந்தக் காலத்திலும், அது முடிந்து ஓர் ஆண்டு வரையிலும் வேட்பாளருக்கோ கட்சிக்கோ கொடுக்கக்கூடாது. தடை மட்டும் இருந்து நிரல் இல்லாவிட்டால் தம்பியின் பெயர்தான் வரும் என்பதால்தான் நிரலை முதலில் கேட்டோம்.

இந்த மடலின் முதல் மூன்று கோரிக்கைகளுக்கும் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம். படிவ மாற்றத்தைச் செய்ய ஆணைக்குழுவுக்கு அதிகாரம் போதாது என்று கருதினால், எந்தப் பிரிவு தடுக்கிறது என்பதைக் குறிப்பிடுங்கள். அதிகாரம் உண்டு என்றால், கிழக்கு மாகாண சபைத் தேர்தலுக்கு வேட்புமனுக் கோரும் நாளுக்கு முன்பே புதிய அட்டவணையும் மாவட்ட வாடகை வீதப் பட்டியலும் கட்சிச் செயலாளர்களின் கைகளில் இருக்கவேண்டும். வேட்புமனு கொடுத்த பின் வந்தால், வான்கள் ஏற்கனவே ஓடத் தொடங்கியிருக்கும்.

இங்ஙனம்,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தேர்தல் நிதிக் கணக்குகளை வாசித்துவரும் கணக்காளர்களும் சட்டத்தரணிகளும்